சட்டியும் சட்னியும்: ஹோட்டல் கிச்சன் கிண்டல் பற்றிச் சில குறிப்புகள்

என்னோட பள்ளிக்கூட நண்பன் ஒருவன் தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் அசைவ ஹோட்டல் நடத்துகிறான். ஊர்ப்பேரும் கடைப்பேரும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. போன வருஷம் விடுமுறைக்குப் போனபோது நாலைந்து ராத்திரி அவன் கடையின் கிச்சனில் ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போனவன்தான். உள்ளே பேசிக்கொண்ட பேச்சைக் கேட்டதும் எழுந்து வர மனசில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே ஒரு வாக்கியம்கூட நேராக வராது. எல்லாமே கிண்டல். ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் வேலை ஒரு நொடி நிற்பதில்லை. எங்க ஆபீஸில் இதில் கால்வாசி பேசினால்கூட மறுநாள் எச்.ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். இவர்கள் எப்படி இப்படிப் பேசிக்கொண்டு சேர்ந்து வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வியோடு கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கவனித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. நடுவில் ஒரு பையனுக்குக் கை வெந்துபோன கதையும் வரும்.

கிண்டலுக்குள் இருக்கிற சேதி

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கல்லில் புரோட்டா மாஸ்டர், ஐம்பது வயதுக்காரர். பக்கத்துக் கல்லில் தோசை மாஸ்டர். குழம்பு, சால்னா, வறுவல் எல்லாவற்றுக்கும் சரக்கு மாஸ்டர். வெளியே ஐந்து சப்ளையர்கள். காய் வெட்டவும் எடுபிடிக்கும் ஒரு பையன். பாத்திரம் கழுவ இரண்டு அக்காக்கள்.

எட்டரை மணி. இருபத்திரண்டு வயசு சப்ளையர் உள்ளே வருகிறான்.

“மாஸ்டர், ஏழாம் டேபிள்ல புரோட்டா சொல்லும்போது கைக்குழந்தையோட வந்தாங்க. இப்ப அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்காங்களாம்.”

மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காதுகுத்துக்கும் நம்ம புரோட்டாதாண்டா. ரெண்டு நிமிஷம்னு சொல்லு.”

அவ்வளவுதான். ஐந்து நொடி ஆகியிருக்காது. இதற்குள் போன சேதியைப் பாருங்கள். ஏழாம் டேபிள் ஆர்டர் தாமதமாகிவிட்டது, அவர்கள் பொறுமை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவன் சொல்லிவிட்டான். தெரியும், அடுத்த ஈடு அவர்களுக்குத்தான், இரண்டு நிமிஷம் ஆகும் என்று அவர் சொல்லிவிட்டார்.

இதே சேதியை நேராகச் சொல்ல முடியாதா? முடியும். “மாஸ்டர், லேட் பண்றீங்க, சீக்கிரம் போடுங்க” என்று சொல்லலாம். ஆனால் சொல்கிறவனுக்கு இருபத்திரண்டு வயசு. கேட்கிறவர் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே கல்லில் நிற்கிறவர். கடையில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர். அவர் கோபித்துக்கொண்டு துண்டை உதறிவிட்டுப் போனால் அன்றைக்குக் கடையே கிடையாது. அந்த இடத்தில் நேரான வாக்கியம் ஒரு கட்டளை ஆகிவிடும். கிண்டலாகச் சொல்லும்போது சேதி போய்ச் சேர்கிறது, கட்டளை போடவில்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 1940-களில் வில்லியம் ஃபுட் வொய்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களை ஆராய்ந்து 1948-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டதும் இதேதான். பரிமாறும் பெண்கள் உள்ளே வந்து, தங்களைவிட மதிப்பும் சம்பளமும் அதிகமுள்ள ஆண்களிடம் “இதைப் போடு, அதைப் போடு” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டுமென்றே தாமதித்தார்கள். சண்டை வந்தது. சில இடங்களில் இதைத் தணித்தது ஒரு சாதாரண ஆணிக்கம்பிதான். ஆர்டரைச் சீட்டில் எழுதி அந்தக் கம்பியில் குத்திவிட்டால், உள்ளே இருப்பவர் தன் வசதிப்படி எடுத்துக்கொள்வார். ஒரு பெண்ணின் வாயிலிருந்து அது கட்டளையாக வந்து விழுவதில்லை.

என் நண்பன் கடையில் ஆணிக்கம்பி கிடையாது. எல்லாமே வாய் ஆர்டர்தான். அந்தக் கம்பியின் வேலையை அங்கே கிண்டல் செய்கிறது. கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்கு, அவருடைய கௌரவத்தைத் தொடாமல், உண்மையைச் சொல்வதற்கான வழி அது.

சமமானவர்களுக்குள்ளும் இது நடக்கிறது. ஒருநாள் சால்னா தண்ணியாக இருந்தது. தோசை மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து ஊற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கலாம் போல” என்றார். சரக்கு மாஸ்டர், “மூழ்கினா உன் தோசையப் புடிச்சுட்டுக் கரையேறட்டும், அவ்ளோ மொத்தமா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சரக்கு மாஸ்டர் அரைத்துவைத்த தேங்காய் மசாலாவைச் சட்டியில் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தார். தோசை மாஸ்டரும் அடுத்த மாவை இன்னும் இழுத்துத் தேய்த்தார். இரண்டு தவறு, இரண்டு திருத்தம், யாரும் “ஆமாம், என் தப்புதான்” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழுத்தம் குறைகிறது என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. சிரித்தால் மனசு லேசாகும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், தவறு சொன்னாலும் சண்டை வராது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இருக்கிற கிச்சனில் எல்லாரும் வாயைத் திறக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் துறையில் சர்வர்கள் சில நொடிக்கு ஒருமுறை “உயிரோடு இருக்கிறேன்” என்று ஒரு சின்ன சிக்னல் அனுப்பும். ஹார்ட்பீட் என்போம். அது நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான். தோசை மாஸ்டர் இரண்டு மூன்று கிண்டலுக்குத் தொடர்ந்து பதில் சொல்லவில்லை என்றால், சரக்கு மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் ஒரு சப்ளையரைப் பார்த்து “நீ போய்ச் சட்னி ஊத்திக் குடு” என்று அங்கே அனுப்பிவிடுகிறார். அங்கே ஆர்டர் குவிந்து ஆள் திணறுகிறார் என்பது மௌனத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மாமா, மாப்ள என்கிற லைசென்ஸ்

யாருக்கு யாரைக் கிண்டல் பண்ண உரிமை என்பதற்கு மானிடவியலில் ஒரு பழைய கட்டுரை உண்டு. ராட்க்ளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதியது. பல சமூகங்களில் குறிப்பிட்ட சில உறவுக்காரர்களுக்குள் கேலி அனுமதிக்கப்படுகிறது, சில இடங்களில் கட்டாயமாகவே எதிர்பார்க்கப்படுகிறது, கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த உறவின் விதி என்று அவர் காட்டினார். சேர்ந்தும் இருக்க வேண்டும், உரசலுக்கும் வாய்ப்பு உண்டு என்கிற உறவுகளில்தான் இது அதிகம் என்பது அவர் விளக்கம். கல்யாணத்தால் வருகிற சம்பந்தம் அதற்கு முக்கிய உதாரணம்.

நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மாமன் மச்சான் கேலி எப்படி இருக்கும் என்று தெரியும். அதே வார்த்தையைப் பெரியப்பா பையன் சொன்னால் அடிதடி ஆகும்.

கிச்சனில் ரத்த உறவு யாருக்கும் கிடையாது. ஆனால் அங்கே எல்லாரும் ஒருவரை ஒருவர் மாமா, மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சில் சூடு ஏற ஏற “அண்ணே”கூட “மாமா”வாக மாறிவிடுகிறது. வீட்டில் இருக்கிற கேலி உரிமையை அந்தச் சொல்லோடு சேர்த்து அடுப்படிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். “என்ன மாமா, கல்லு காயுதா, இல்ல கதை கேக்குதா?” என்று கேட்டால், “உன்னைத் திட்டவில்லை, நீ நம்மாள்” என்பது முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

காய் வெட்டுகிற பையனை மட்டும் யாரும் மாப்ள என்று கூப்பிடவில்லை. இதை நான் மூன்றாவது ராத்திரிதான் கவனித்தேன்.

சட்னி

பையனுக்குப் பத்தொன்பது வயசு. ஒடிசாக்காரன். வந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. முதலில் அவனை “ஏய் இந்தி” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் தாய்மொழி ஒடியா. இந்தி அவனுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். அதை விளக்கும் அளவுக்கு அப்போது அவனிடம் தமிழ் இல்லை.

ஆரம்பத்தில் வந்த கிண்டல் எல்லாம் வேலையைப் பற்றித்தான். வெங்காயத்தைத் தடிமனாக வெட்டினால் “விறகுக் கடையிலயா வேலை பார்த்த?” என்பார்கள். அவனும் சிரிப்பான், அடுத்த கூடையை மெல்லிசாக வெட்டுவான். பாத்திரம் கழுவுகிற அக்கா ஒருத்தர் அவனுக்குப் பதிலும் சொல்லிக்கொடுத்தார்: “பல்லு இருக்குல்ல, மென்னு சாப்பிடு.” இதை அவன் ஒருநாள் சரக்கு மாஸ்டரிடமே சொல்ல, கிச்சனே அதிர்ந்து சிரித்திருக்கிறது. அந்தக் கட்டம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெங்காயத்தை மாற்றி வெட்ட முடியும். பதிலும் சொல்ல முடியும்.

ஒருநாள் கூட்ட நேரத்தில் “சட்டி எடுடா” என்று சத்தம் போட்டார்கள். அவன் ஓடிப்போய்ச் சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிரிக்க வேண்டிய விஷயம்தான், அவனும் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் பெயர் “சட்னி” ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் சப்ளையர்கள் ஐந்து பேரும் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு கேஷியர். கடைசியில் என் நண்பனும்.

பட்டப்பெயர்கூடப் பெரிய விஷயம் இல்லை. அதற்கு அடுத்த படிதான் கெடுத்தது. ஏதாவது புரியாமல் அவன் “என்ன அண்ணா?” என்று கேட்டால், பதிலுக்குப் பதிலாக “சட்னி!” என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்துவார்கள். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். கேள்வி கேட்டால் இதுதான் கிடைக்கும் என்று ஆனதும் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பாதி புரிந்தால் மீதியை ஊகித்துக்கொண்டான்.

நான் போவதற்குச் சில நாள் முன்பு ஒரு சனிக்கிழமை ராத்திரி. சரக்கு மாஸ்டர் திரும்பாமலேயே, “அந்தச் சட்டிய எறக்கி வை, துணி புடிச்சுக்க, காது சுடும்” என்றார். சட்டியின் கைப்பிடியைத்தான் காது என்றார். சட்டியை இறக்கச் சொன்னது பையனுக்குப் புரிந்தது. துணி புரியவில்லை. காது எங்கே இங்கே வந்தது என்றும் புரியவில்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் கேட்டிருப்பான். அன்றைக்குக் கேட்கவில்லை. வெறுங்கையால் பிடித்தான். விரல்கள் வெந்தன, கை உதறியதில் கொதிக்கிற சால்னா மணிக்கட்டில் சிந்தியது.

அவன் கத்தவில்லை. கத்தினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். சட்டியை எப்படியோ கீழே வைத்துவிட்டு, பின்பக்கம் போய் வெந்த இடத்தில் தோசை மாவைத் தடவிக்கொண்டு வந்து மீதி வேலையைப் பார்த்திருக்கிறான். தீப்புண்ணுக்கு மாவு தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும், கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். யாரிடமாவது சொல்லியிருந்தால் இதையாவது செய்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து, பதில் சொல்லிக்கொடுத்த அந்த அக்காதான் கையைப் பார்த்துவிட்டு என் நண்பனிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

எங்கே மாறியது?

பட்டப்பெயரை ஆரம்பித்து வைத்த சப்ளையரிடம் பேசினேன். கெட்ட பையன் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான். “சும்மா விளையாட்டுக்குத்தாண்ணே கூப்பிட்டோம். அவனும் சிரிச்சான்ல?” என்றான். அவன் சொல்வதில் பொய் இல்லை.

ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளர் (டன்னிங்-க்ரூகர் விளைவில் வருகிற அதே க்ரூகர்தான்) இன்னும் இருவரோடு சேர்ந்து 2006-ல் கிண்டலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அதன் சாரம் இது. கிண்டல் செய்கிறவருக்குத் தன் நல்லெண்ணம் தெரியும். அதனால் தன் கிண்டலை அந்த எண்ணத்தோடு சேர்த்தே மதிப்பிடுகிறார். வாங்கிக்கொள்கிறவருக்குத் தெரிவது வார்த்தையும் சிரிப்பும் மட்டுமே. ஒரே கிண்டலை இரண்டு பேரும் இரண்டு விதமாக எடைபோடுகிறார்கள். “விளையாட்டுக்குத்தான்” என்று சொல்வதால் இந்த இடைவெளி முழுதாக மூடுவதில்லை.

ஆகவே செய்கிறவரின் மனசைக் கேட்டுப் பயனில்லை. வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். நான் ஒரு ராத்திரி முழுக்க நோட்டில் ஆட்களின் பெயரைப் போட்டு, யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டேன். புரோட்டா மாஸ்டரிடமிருந்து வெளியே அம்புகள் போயின, அவரை நோக்கியும் வந்தன. எல்லாருக்கும் அப்படித்தான். பையனை நோக்கி மட்டும் அம்புகள் வந்தன, அவனிடமிருந்து ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கீழே இருப்பவன் மேலே பேசுவதற்குத்தான் கிண்டல் பயன்படுகிறது என்று முன்னால் சொன்னேன். அம்பு ஒரே பக்கம் போகும்போது அது அந்த வேலையைச் செய்யவில்லை, நேர் எதிரான வேலையைச் செய்கிறது. வாயைத் திறக்க வைப்பதற்குப் பதிலாக மூட வைக்கிறது.

சிரிப்பை வைத்தும் கண்டுபிடிக்கலாம். மற்றவர்கள் கிண்டலுக்குச் சிரித்தபடியே பதில் சொல்கிறார்கள். பையன் முதலில் சுற்றி எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு நொடி தாமதித்துச் சிரித்தான். “அவனும் சிரிச்சான்ல” என்று சப்ளையர் சொன்னது இந்தச் சிரிப்பைத்தான்.

நேரமும் ஒரு அளவுகோல். பத்தே முக்காலுக்குக் கல்லை அணைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்போது மாஸ்டர்களுக்குள் கிண்டல் அடங்கிவிடும். பிள்ளைகள் படிப்பு, வட்டிக் கடன், ஊர்த் திருவிழா என்று பேச்சு மாறும். பையனுக்கு மட்டும் அப்போதும் “சட்னி வேணுமா சட்னி?” தொடர்ந்தது. அடுப்பு அணைந்த பிறகு அவசரம், டென்ஷன் என்று காரணம் சொல்ல எதுவும் இல்லை.

விஷயமும் முக்கியம்தான். வெங்காயத்தின் தடிமன் மாறும். ஒருவருடைய சாதி, நிறம், ஊர், மொழி, உடம்பு மாறாது. பாத்திரம் கழுவுகிற அக்காக்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுவது இந்தக் கணக்கிலேயே வராது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் பாலியல் சாயல் உள்ள பேச்சும் அடங்கும். அந்தப் பெண் அதை விரும்பவில்லை என்பதுதான் அங்கே அளவுகோல், சொன்னவர் விளையாட்டாகச் சொன்னாரா என்பது இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் இருக்கிற சின்னக் கடை என்றாலும் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

புரோட்டா மாஸ்டர் செய்தது

கை வெந்தது தெரிந்ததும் என் நண்பன் எல்லாரையும் நிற்க வைத்து, “இனிமே கிச்சன்ல யாரும் கிண்டல் பேசக் கூடாது” என்று சொல்லிவிட்டான். ஒருநாள்கூடத் தாங்கவில்லை. சப்ளையர்கள் நேரடியாக “சீக்கிரம் குடுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள், ஒன்பது மணிக்குள் இரண்டு சண்டை. நண்பனே அதைக் கைவிட்டுவிட்டான்.

தீர்த்து வைத்தது புரோட்டா மாஸ்டர். அடுத்த நாள் ஒரு சப்ளையர் உள்ளே வந்து, “மாஸ்டர், அஞ்சு புரோட்டா. டேய் சட்னி, இலை எடு” என்றான். மாஸ்டர் புரோட்டாவை அடுக்கித் தட்டி வைத்துவிட்டு, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

“யாரைக் கூப்பிட்ட?”

“அவனைத்தான் மாஸ்டர்.”

“அவன் பேரச் சொல்லு, அப்புறம் எடு.”

வெளியே டேபிள் காத்திருக்கிறது. சப்ளையருக்குப் பெயர் தெரியவில்லை. மூன்று மாசமாகக் கூட வேலை பார்க்கிறவன் பெயர் தெரியவில்லை. பையனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, சொல்லிவிட்டுப் புரோட்டாவை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் இப்படியே நடந்தது. மூன்றாம் நாள் “சட்னி” என்ற சொல் சாம்பார் வாளிக்குப் பக்கத்து வாளியை மட்டும்தான் குறித்தது.

இன்னொரு பழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். யாராவது “என்ன?” என்று கேட்டால் முதலில் பதில், கிண்டல் அப்புறம். சூடான பாத்திரம் என்றால், சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். “துணி புடிச்சு, சட்டி கீழ” என்று பையன் சொல்லிவிட்டுத் தூக்குவதை நானே பார்த்தேன். கிண்டலுக்குத் தடை எதுவும் போடவில்லை.

இதை முதலாளி சொன்னபோது எடுபடவில்லை, மாஸ்டர் சொன்னபோது எடுபட்டது. காரணம் எளிது. அந்தக் கிச்சனில் அதிகமாகக் கிண்டலுக்கு ஆளாகிறவர் அவர்தான், ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. தன்னைக் கிண்டல் செய்ய விடுகிறவர் “இது வேண்டாம்” என்று சொன்னால், எது வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சரியாகப் புரிகிறது. அவரைப் போல ஒருவர் இல்லாத கிச்சனில் இது நடந்திருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான்.

அந்தச் சப்ளையர் இன்னும் தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறான். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது மறுபடியும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பையன் கையில் தழும்பு இருந்தது. ஒன்பது மணிக் கூட்டத்தில், அவன் வெட்டிவைத்த வெங்காயம் கல் பக்கத்தில் குவிந்துகிடக்க, கொத்துப் புரோட்டா இன்னும் ஆகவில்லை. பையன் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னான்: “மாமா, நான் ஒடிசா போயிட்டு வந்துரவா?”

மாஸ்டர் கொத்துக் கரண்டியை நிறுத்தாமல், “போறதுக்கு முன்னாடி முட்டை எடுத்துக் குடுத்துட்டுப் போ” என்றார்.